தளம் காயும் வரைக்கும்

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஆட்களைப் பார்க்க மாட்டார், தரையைப் பார்ப்பார். டைல்ஸ் பதிப்பது அவர் தொழில். என் அக்கா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால், கை கழுவிவிட்டு வருவதற்குள், "இந்த மூலையில கல்லு தூக்கிட்டு நிக்குதே, யார் போட்டது?" என்று கேட்டு அத்தானின் முகத்தைச் சுருங்க வைத்துவிடுவார். அத்தான்தான் போட்டிருப்பார்.

அப்படிப்பட்ட மனிதர் சொந்தமாக ஒரு வீடு வாங்கினால் என்ன ஆகும்? நாங்கள் வாங்கியது பழைய வீடு. சின்னது, ஆனால் தரைத்தளம். மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். படி என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் தேடித் தேடி அந்த வீட்டைப் பிடித்தோம். தரை முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போடுவது என்று முடிவாயிற்று. ஊரில் எல்லாருக்கும் சொன்ன தேதிக்கு வேலையை முடித்துக் கொடுக்கிறவர் ஆயிற்றே என்று நம்பி, வாடகைக்குக் குடியிருந்த வீட்டுக்கு நானே முறைப்படி நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். மாதக் கடைசியில் காலி செய்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். நேரம் தவறுவது எனக்குப் பிடிக்காது. வாசலில் வந்து நிற்காத பிள்ளைக்காக ஒரு ஹாரனுக்கு மேல் அடிக்க மாட்டேன். கோபம் எனக்கு மூக்குக்கு மேல் வரும் என்று தெருவுக்கே தெரியும். அதைத் தெரிந்துகொண்டே ஒரு நாள் காலை இவர் கையில் ஒரு பாலித்தீன் தாளோடு வந்து நின்றார்.

"இதப் பாரு."

தாளின் ஒரு பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர்.

"என்னது இது, குளிச்சிட்டு வந்தீங்களா?"

"ஹால் தளத்துல ராத்திரி ஒட்டி வெச்சது. நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினா, கீழ ஈரம் இருந்தா காலைல தாளுக்கு அடியில வேர்த்திருக்கும். இருக்கு."

விஷயம் இதுதான். ஹாலுக்கு அடியில் ஓடிய பழைய குழாய் கசிந்திருக்கிறது. பிளம்பர் வந்து அதை மாற்றிவிட்டார். ஆனால் சிமெண்ட் தளம் அதுவரை குடித்த தண்ணீரை இன்னும் வெளியே விடவில்லை. ஈரத்தின் மேல் கல்லைப் பதித்தால் பிடிக்காது. தட்டினால் உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்கும். ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாகக் கழன்று வரும்.

"எப்ப காயும்?"

"அது காயும்போது காயும்."

இந்தப் பதிலை வேறு யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு. "அடுத்தவங்க வீட்டுக்கெல்லாம் தேதி சொல்றீங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் தளம் வாயத் திறந்து சொல்லணுமா?" என்று கேட்டேன். அவர் தாளை மடித்தார்.

மாதம் முடிய ஒரு வாரம்கூட இல்லை. சாமான் ஏற்ற லாரி சொல்லியாகிவிட்டது. வழி என்ன என்று நான் யோசிப்பதற்குள் என் நாத்தனாரின் போன் வந்துவிட்டது. எப்படித்தான் மோப்பம் பிடிப்பாளோ.

"அண்ணி, வீடு ரெடியாகலையாமே. எல்லாரும் இங்க வந்துடுங்க. சாமான எங்கயாவது குடோன்ல போடுங்க."

நல்ல மனசுதான். ஆனால் அவள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாமாவை நாற்காலியோடு தூக்கித்தான் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் மறுபடி இறங்கும்வரை அவர் அங்கே கைதி. "என்னை வேணா ஏதாவது ஒரு ஆஸ்பத்திரில கொஞ்ச நாளைக்குப் படுக்க வெச்சிடுங்களேன். உங்களுக்கும் சிரமம் இல்ல" என்றார் மாமா, டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல். வேடிக்கையாகச் சொன்ன மாதிரிதான் சொன்னார். ஆனால் வாக்கரைப் பிடித்திருந்த அவர் விரல்களை நான் பார்த்தேன். மாமாவை எங்கேயும் தனியாக விடுவதில்லை, மாடி ஏற்றுவதும் இல்லை என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். அதற்கு ஒரே வழி, மாடிப்படி ஏறி வீட்டுக்கார அம்மாவிடம் கூடுதல் நாள் கேட்பது.

வீட்டுக்கார அம்மா மேல் மாடியில் இருக்கிறார். மருந்துக் கடை வைத்திருப்பவர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுவார். மாத்திரை அட்டையில் ஒன்றைக்கூடக் கத்தரித்துத் தர மாட்டார் என்று பெயர். அவர் கணவருக்கு நாங்கள் வைத்த பெயர் என்ஜினியர் சார். அவர் என்ஜினியர் இல்லை. வீட்டில் எது பழுதானாலும் ஆளைக் கூப்பிடாமல் தானே செய்வார். செய்தபிறகு எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

"அக்கா, எங்களுக்குக் கொஞ்ச நாள் கூட வேணும். புது வீடு இன்னும் ரெடியாகல" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கொஞ்ச நாளுன்னா?"

"ஒரு... கொஞ்ச நாள்."

"அப்படி ஒரு தேதி காலண்டர்ல இல்லம்மா. நோட்டீஸ் நீதான குடுத்த? அத நம்பி நான் அடுத்து வர்ற பொண்ணுகிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டேன். ஒண்ணாந்தேதிக்கு அப்புறம் ஒரு வாரம் பெயிண்டருக்குன்னு ஒதுக்கியிருக்கேன். அது முடிஞ்ச மறுநாள் அந்தப் பொண்ணு வருது. அதுவும் அங்க நோட்டீஸ் குடுத்துட்டு நிக்குது. நீ நகரலன்னா அது எங்க போகும்?"

எங்கள் தளம் காயாதது எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒரு பெண்ணை நடுத்தெருவில் நிறுத்தும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

"நான் முடியாதுன்னு சொல்லல" என்றார் அவர், கொஞ்சம் இறங்கி வந்து. "நாள் முடியறதுக்குள்ள வந்து கேட்டியே, அதுவே பெரிசு. நிறையப் பேர் முடிஞ்சப்புறம்தான் கேப்பாங்க. சொல்லாம கொள்ளாம தங்கினா அக்ரிமெண்ட்ல ரெட்டை வாடகைன்னு இருக்கு, தெரியும்ல? சொல்லிட்டுத் தங்கினா அது இல்ல. ஆனா எனக்கு மூணு விஷயம் வேணும். கடைசி நாள் எதுன்னு ஒரே ஒரு தேதி. பெயிண்டர் வேலை நிக்கக் கூடாது. அந்தப் பொண்ணும் சரின்னு சொல்லணும். இதெல்லாம் இருந்தா எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கலாம். தங்கற நாளுக்கு மட்டும் வாடகையக் கணக்குப் பண்ணிக்கலாம். உன் அட்வான்ஸ், சாவி என் கைக்கு வந்தப்புறம்தான்."

"தேதி..."

"உன் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு வா. டைல்ஸ்காரங்க சொல்ற தேதிய நான் நம்பறதில்ல. ஆனா வேற வழி இல்ல."

கீழே வந்து என் வீட்டுக்காரரை உட்கார வைத்துக் கேட்டேன். "ஹால விடுங்க. ஹால் எப்ப வேணா காயட்டும். நாம உள்ள போறதுக்கு என்ன வேணும்? குளியலறை வேணும். சமைக்க ஒரு இடம் வேணும். மாமா படுக்க ஒரு ரூம் வேணும். இது எப்ப முடியும்?"

அவர் திகைத்துப் பார்த்தார். வீட்டைப் பாதியாக ஒப்படைப்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது. "குளியலறை முடிஞ்சது. பின் ரூம்ல தாள் ஒட்டிப் பாத்தேன், காஞ்சிருக்கு, நாளைக்கே கல்லு போடலாம். சமையலறைல மேடைக்கு மேல கொஞ்சம் கல்லு போடணும், அப்புறம் கல்லு இடுக்கெல்லாம் அடைக்கணும், அது காயணும்..." விரல் விட்டு எண்ணினார். "பெயிண்டர் முடிக்கறதுக்கு முந்தின நாள் போயிடலாம். ஹால் வெறும் சிமெண்ட்டாதான் இருக்கும். அசிங்கமா இருக்கும்."

"அசிங்கத்த நான் பாத்துக்கறேன். இந்தத் தேதி நிஜமா?"

"இது நிஜம்."

அவர் நிஜம் என்றால் நிஜம். அந்தத் தேதியை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே ஓடினேன். அந்த அம்மா என் எதிரிலேயே புதுக் குடித்தனக்காரிக்குப் போன் போட்டார். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற பெண்ணாம். ஸ்பீக்கரில் குரல் தேன் மாதிரி இருந்தது. அவள் வரும் நாள் மாறவில்லை என்றால் அவளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அட்டைப் பெட்டிகளை முன்கூட்டியே கொண்டுவந்து முன் அறையில் வைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குச் சொல்லியிருந்ததாம், அது நடக்குமா என்று கேட்டாள். நடக்கும் என்று நான் போனுக்குக் குறுக்கே கத்தினேன். பெயிண்டர் முதலில் ஹாலையும் முன் அறையையும் அடிப்பது, நாங்கள் பின்னால் ஒதுங்கிக்கொள்வது, முன் அறை காய்ந்ததும் அவள் பெட்டிகள் வருவது, நாங்கள் போனதும் கடைசியாகப் பின் பக்கம். எல்லாம் பொருந்திவிட்டது.

"நாளைக்குக் காலைல எழுதி வெக்கறேன். ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடுங்க" என்றார்.

நான் படியில் குதித்துக்கொண்டு இறங்கினேன். லாரிக்காரரிடம் தேதியை மாற்றினேன். நாத்தனாருக்குப் போன் போட்டு, தேவைப்படாது என்று சொன்னேன்; சொன்னதில் கொஞ்சம் கர்வம் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை வேனை எடுத்துக்கொண்டு போகும்போது இவரிடம் சொன்னது ஒரே ஒரு வேலை. ஹாலில் இருக்கிற சோபாவையும் அலமாரியையும் பின்னால் தள்ளி, பெயிண்டருக்கு இடம் செய்யுங்கள். அவ்வளவுதான்.

இங்கே, இந்த வாடகை வீட்டு ஹாலில் இருந்த ஒரு கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாலிலிருந்து உள்ளே போகும் வழியில் ஒரு டைல்ஸ் மற்றவற்றை விட விரல் கனத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த ஹால் தரை முழுக்க என்ஜினியர் சார் தன் கையால் போட்டது. குடிவந்த புதிதில் எல்லாருக்கும் கால் கட்டைவிரல் பழுத்தது. அப்புறம் பழகிவிட்டது. அந்த இடம் வந்தால் காலைத் தூக்கி வைப்போம், அவ்வளவுதான். மாமாகூட வாக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, முழங்காலை மடக்கித் தூக்கித்தான் தாண்டுவார். என் வீட்டுக்காரர் மட்டும் அதைத் தாண்டும்போதெல்லாம் பல்லைக் கடிப்பார். வருஷக்கணக்கில் வாய் திறக்கவில்லை. என்ஜினியர் சார் மனம் நோகக் கூடாது என்று நான் வாங்கிய சத்தியம் அது.

நான் திரும்பி வந்தபோது சோபா நகர்ந்திருந்தது. கல்லும் நகர்ந்திருந்தது. அது இருந்த இடத்தில் சதுரமாக ஒரு குழி, பக்கத்தில் உளியும் ரப்பர் சுத்தியலும். இவர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் என்ஜினியர் சார் நின்றார்.

"சோபாவ நகத்தினேன்" என்றார் இவர் என்னிடம், குழந்தை மாதிரி. "வெளிச்சம் நேரா அது மேல விழுந்துது. அவ்வளவு தெளிவா அத நான் பாத்ததே இல்ல."

வீட்டில் எதையும் எழுத்து மூலம் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்று அக்ரிமெண்டில் இருக்கிறது. கூடுதல் நாளுக்குக் கையெழுத்து இன்னும் ஆகவில்லை. உலகத்தில் எந்தக் குடித்தனக்காரனாவது நாள் கேட்டு நிற்கிற நேரத்தில் வாடகை வீட்டுத் தரையைப் பெயர்ப்பானா? என் வீட்டுக்காரர் பெயர்ப்பார். மாமா பின் அறை வாசலில் வாக்கரோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் மூன்றாவது மாடி தெரிந்தது.

சத்தம் கேட்டு மருந்துக் கடை அம்மா இறங்கி வந்தார். கூடுதல் நாளுக்கு எழுதிய தாள் கையில் இருந்தது. குழியைப் பார்த்தார், தன் கணவரைப் பார்த்தார்.

என்ஜினியர் சார் மெதுவாகக் குனிந்து கல்லைத் திருப்பினார். அடியில் நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவை ஒட்டிக்கொண்டிருந்தது.

"கல்லு லேசா வளைஞ்சிருக்கு சார். நீங்க சரியாத்தான் வெச்சிருக்கீங்க" என்றார் இவர். தரை விஷயத்தில் இவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"பொய் சொல்லாத தம்பி. உனக்கு வரல" என்றார் சார். "அன்னைக்குக் கலவை பத்தல. வாங்கப் போகச் சோம்பல். அங்கங்க வெச்சு அமுக்கிட்டேன்."

"எத்தன தடவ சொன்னேன், ஆளக் கூப்பிட்டு எடுக்கலாம்னு" என்றார் அந்த அம்மா. "தொடவே விடலையே. போட்டது நாந்தான், அது சரியாத்தான் இருக்குன்னு ஒரே பிடிவாதம்."

"பின்ன, வெளி ஆள் வந்து பாத்துச் சிரிப்பான்ல." சார் இவரைப் பார்த்தார். "நீ இத்தன வருஷமா பாத்துட்டுதான இருந்த? சொல்லவே இல்லையே."

"இவ சத்தியம் வாங்கிட்டா சார்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நல்லவேளை, முதலில் சிரித்தது சார்தான். மாமா பின்னாலிருந்து கனைப்பது போல ஒரு சத்தம் போட்டார்; அதுவும் சிரிப்புதான். அந்த அம்மா சிரிக்கவில்லை. தாளைச் சுவரில் வைத்து, தன் பேனாவால் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். பெயர்த்த கல்லைக் குடித்தனக்காரர் தன் செலவில், பெயிண்டர் ஹாலுக்கு வருவதற்குள் பதித்துத் தர வேண்டும்.

"போடு கையெழுத்த."

போட்டோம். தாளை மடித்துவிட்டு அவர் என்னிடம் மட்டும், "ரெண்டு நாள் கேட்டதுக்கே பண்றதப் பாத்தா, ஒரு வருஷம் கூட இருந்திருந்தா தரையே புதுசாயிருக்கும்போல" என்றார். கோபமா கிண்டலா என்று தெரியாத குரல்.

அதே நிறத்தில் கல் கிடைக்குமா என்று நான் கவலைப்பட்டேன். சார் பரணிலிருந்து ஒரு பழைய பெட்டியை இறக்கினார். என்றைக்காவது தேவைப்படும் என்று சேர்த்து வைத்த கற்கள். என்றைக்கு, எதற்கு என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் மண்டியிட்டு அன்று மாலை முழுவதும் பழைய கலவையைச் சுரண்டினார்கள். பல் வைத்த கரண்டியால் பசையை ஒரே சீராக இழுத்து, கல்லை வைத்து, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை நாலு பக்கமும் போட்டுப் பார்த்தார்கள். "பக்கத்துக் கல்லும் லேசா..." என்று இவர் ஆரம்பித்தார். நான் கண்ணை உருட்டினேன். சாரும் ஆசையாகத்தான் பார்த்தார். அவரை அந்த அம்மா பார்த்துக்கொண்டார்.

வந்தது வினை என்று அப்புறம்தான் உறைத்தது. பதித்த கல்லை மறுநாள்வரை மிதிக்கக் கூடாது. அதற்கு மறுநாள் இடுக்கு அடைக்க வேண்டும். புது வீட்டில் ஹால் காயவில்லை, பழைய வீட்டிலும் ஹால் காயவில்லை. எங்களுக்குச் சொந்தமாக ஒரு வீடு, வாடகைக்கு ஒரு வீடு, இரண்டிலும் கால் வைக்க முடியாது. பெயிண்டர் வந்து நிலவரத்தைப் பார்த்துவிட்டு முன் அறையில் ஆரம்பித்தார். நாங்கள் கொல்லைக் கதவு வழியாகப் போய் வந்தோம். மாமா பின் அறையில் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு, சமையலறையில் பாத்திரம் கட்டுகிற என்னோடு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசிக்கொண்டே இருந்தார். அந்த நாட்களில் சிரித்தது போல நாங்கள் சிரித்ததே இல்லை. கண்ணாடிக் கடைப் பெண்ணின் பெட்டிகளும் வந்தன. ஒரு பெட்டியின் மேல் 'கவனம், உடையும்' என்று எழுதியிருந்தது. இவர் அதைத் தரையில் வைக்கும் முன் தரையைத் தட்டிப் பார்த்தார்.

சொன்ன தேதி வந்தது. புது வீட்டில் பின் அறையும் குளியலறையும் சமையலறையும் பளபளவென்று இருந்தன. ஹால் சாம்பல் நிறத்தில் அசிங்கமாகத்தான் இருந்தது. லாரி முன்னால் போயிற்று. மீட்டர் அளவைப் பார்த்து எழுதிக்கொண்டோம். அந்த அம்மா ஒவ்வொரு அறையாகக் குழாயைத் திறந்து, ஜன்னலைச் சாத்தி, விளக்கைப் போட்டுப் பார்த்தார். ஹாலில் அந்தக் கல்லின் மேல் ரசமட்டத்தை வைத்தது சார்தான். குமிழ் நடுவில் நின்றது. நான் சாவியைக் கொடுத்ததும், கூடுதல் நாட்களின் வாடகையைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தார்கள்.

"சொன்ன நாளுக்குக் காலி பண்ணின முதல் டைல்ஸ்காரர் நீங்கதான்" என்று அந்த அம்மா இவரிடம் சொன்னார். இவர் முகம் சிவந்துவிட்டது.

வேன் வாசலில் நின்றது. மாமாவை அழைத்துவர சார் உள்ளே போனார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள். அந்த இடம் வந்ததும் சார் பேச்சை நிறுத்தாமலே காலைத் தூக்கி வைத்தார். பின்னால் வந்த அந்த அம்மாவும் தூக்கி வைத்தார்.

"இப்ப மட்டமாத்தான் இருக்கு, சும்மா நடங்க" என்றார் இவர், மனம் தாளாமல்.

மாமா வாக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். அப்புறம் முழங்காலை மடக்கி, ஒன்றுமே இல்லாத இடத்தில், இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் காலை எடுத்து வைத்தார். அறுவைக்குப் பிறகு பயிற்சி கொடுக்க வந்த பெண் மாதக்கணக்காகக் கெஞ்சியும் மடங்காத முழங்கால் அது; தினமும் அந்தக் கல்லைத் தாண்டித் தாண்டியே மடங்கப் பழகியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், எனக்கே தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன்.

வேனில் ஏறியதும் மாமா கேட்டார். "புது வீட்டு ஹால் இன்னும் காயலதான?"

"இல்ல மாமா."

"போடும்போது, உள்ள போற வழியில ஒரே ஒரு கல்ல மட்டும் கொஞ்சம் தூக்கி வெக்கச் சொல்லும்மா."

பின் சீட்டில் என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். நான் வண்டியை எடுத்தேன்.